வெட்டு முடிந்து வரும் சந்தா

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து அக்கரைப்பற்றில் கடைகளுக்கான கடன் கொப்பிச் செயலி ஒன்றைச் செய்திருக்கிறோம். மாதச் சந்தா 400 ரூபா. கடைகள் சேர்கின்றன, ஆனால் இரண்டு மூன்று மாதத்தில் விட்டுவிடுகின்றன. உயர்தரத்தில் படித்த பொருள், விலை, இடம், மேம்படுத்தல் என்ற நான்கையும் இப்படிப்பட்ட செயலிக்கு எப்படிப் பொருத்துவது?

சந்தைப்படுத்தல் பேராசிரியரான ஜெரோம் மெக்கார்த்தி 1960ஆம் ஆண்டில் இந்த நான்கையும் ஒன்றாக வகுத்தபோது, அவர் கண்முன் இருந்தவை தொழிற்சாலையில் செய்யப்பட்டுக் கடையில் ஒருமுறை விற்கப்படும் பண்டங்கள். சவர்க்காரக் கட்டி ஒன்று கைமாறியதும் அந்த விற்பனை முடிந்துவிடுகிறது. சந்தாவில் அப்படி முடிவதில்லை. கடைக்காரர் சேர்ந்த நாளில் நடப்பது முதல் விற்பனை மட்டுமே. புதுப்பிக்கும் நாள் ஒவ்வொன்றிலும் அதே பண்டத்தை அதே மனிதருக்கு நீங்கள் மறுபடியும் விற்கிறீர்கள். ஆகவே நான்கு கூறுகளையும் சேரும் நாளை வைத்து அல்ல, புதுப்பிக்கும் நாளை வைத்தே பொருத்திப் பார்க்க வேண்டும். உங்கள் கடைகள் சேர்ந்த பிறகே விலகுகின்றன என்பதால், சேரும் நாளுக்கு உரியவற்றை நீங்கள் ஓரளவு சரியாகவே செய்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பொருளிலிருந்து தொடங்குகிறேன். கடைக்காரர் காசு கொடுப்பது திரைகளுக்கோ பொத்தான்களுக்கோ அல்ல. "இன்னார் எவ்வளவு தரவேண்டும்?" என்ற கேள்விக்கு, ஆள் கடைவாசலில் நிற்கும்போதே விடை கிடைப்பதற்காகவே அவர் காசு கொடுக்கிறார். அந்த விடை செயலிக்குள் இருக்கவேண்டுமானால் பழைய கொப்பியில் உள்ள நிலுவைகள் அனைத்தும் உள்ளே வந்திருக்க வேண்டும். 60 பேருடைய கணக்கைச் சீ.ஆர். கொப்பியில் வைத்திருக்கும் ஒரு பலசரக்குக் கடைக்காரர், வியாபாரத்துக்கு நடுவே ஒரு கையால் அத்தனை பெயர்களையும் தொகைகளையும் தட்டச்சுச் செய்யமாட்டார். பத்துப் பெயர்களோடு நிறுத்திவிடுவார். பிறகு பத்துப் பேரின் கணக்கு கைபேசியிலும் ஐம்பது பேரின் கணக்கு கொப்பியிலும் இருக்கும். இரண்டையும் பார்க்கவேண்டி வந்தால் மனிதர் கொப்பிக்கே திரும்பிவிடுவார். இரண்டு மாதத்தில் விலகும் கடைகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். சரிபார்ப்பதும் எளிது. ஒவ்வொரு கடையும் முதல் வாரத்தில் எத்தனை பெயர்களைப் பதிந்தது என்று உங்கள் தரவுத்தளத்தில் பாருங்கள்; விலகியவற்றையும் நிலைத்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வேறுபாடு தெரிந்தால், பழைய கொப்பியைப் பதிந்து கொடுப்பதையே பொருளின் ஒரு பகுதியாக ஆக்குங்கள். உங்களில் ஒருவர் கடை ஓயும் பிற்பகலில் போய் உட்கார்ந்து, முதலாளி வாசிக்க வாசிக்கப் பதியலாம். 60 பெயர்களுக்கு இரண்டு மணித்தியாலம் போதும். மென்பொருள் எழுதுபவர்களுக்கு இந்த வேலை தங்களுடையது அல்ல என்று தோன்றும். ஆனால் செயலியில் நீங்கள் புதிதாகச் சேர்க்க நினைத்திருக்கும் எந்த வசதியும் இந்த இரண்டு மணித்தியாலத்துக்கு ஈடாகாது.

பொருளைப் பற்றி இன்னும் இரண்டு விடயங்கள் உண்டு. முதலாவது, சந்தா முடிந்த நாளில் செயலி என்ன செய்யவேண்டும் என்பது. பல ஆண்டுகளுக்கு முன் கல்முனையில் சில கடைகளுக்கு நான் ஓர் இருப்புக் கணக்கு மென்பொருளைச் சந்தாவுக்குக் கொடுத்தேன். தவணை தவறியதும் அது முழுவதுமாகப் பூட்டிக்கொள்ளும்படி செய்திருந்தேன். ஒரு முதலாளி தன் பழைய கொப்பியைத் தூக்கிக் காட்டி, "தம்பி, இது காசு கட்டாவிட்டாலும் திறக்கும்" என்றார். அவர் திரும்பி வரவில்லை. அவரிடம் கேட்டறிந்த பக்கத்துக் கடைகளும் வரவில்லை. கணக்கு கடைக்காரருடையது. சந்தா முடிந்தாலும் பழைய கணக்கைப் பார்க்கவும் வெளியே எடுக்கவும் விடுங்கள். புதிய பதிவு, நினைவூட்டல், இரண்டாவது கைபேசியில் பயன்படுத்தும் வசதி ஆகியவற்றை மட்டும் நிறுத்துங்கள். இரண்டாவது, வட்டி. கடன் செயலி என்றவுடன் வட்டி கணக்கிடும் கட்டத்தை வைக்கத் தோன்றும். காத்தான்குடி தொடக்கம் பொத்துவில் வரை உங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதியினர் வட்டியை மார்க்கமாகவே விலக்கியவர்கள். முதல் திரையில் அந்தச் சொல் இருந்தாலே செயலியை மூடிவிடுவார்கள். அதை எடுத்துவிடுங்கள்.

விலைக்கு வருகிறேன், உங்கள் சிக்கலின் ஆழமான பகுதி இங்கேதான் இருக்கிறது. 400 ரூபா கூடுதலா குறைவா என்பது இரண்டாவது கேள்வி. எந்தக் காலத்துக்கு ஒருமுறை கேட்கிறீர்கள் என்பதே முதற் கேள்வி. மாதச் சந்தா, மாதச் சம்பளம் வாங்குவோரின் வாழ்க்கையிலிருந்து வந்த வழக்கம். நம் பக்கத்துக் கடைக்கடன் மாதக் கணக்கில் ஓடுவதில்லை. "வெட்டு முடியத் தாறன்" என்றே ஓடுகிறது. ஒக்டோபர், நவம்பரில் விதைப்புத் தொடங்கும்போது கடன் ஏறத் தொடங்கும். பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக வெட்டு முடிந்ததும் காசு திரும்பி வரும். இடையிலுள்ள மாதங்களில் கடைக்காரரின் கையில் சரக்கும் கடனும்தான் இருக்கும், காசு இருக்காது. உங்கள் செயலியின் பயனும் அப்படித்தான். யாரிடம் எவ்வளவு என்று அறிந்து வசூலிக்கும் வெட்டுக் காலத்திலேயே அதன் முழுப் பயன் வெளிப்படும். நவம்பரில் சேர்ந்தவரிடம் டிசம்பரிலும் ஜனவரியிலும் பணம் கேட்பது, பயன் தெரிவதற்கு முன்னும் காசு வருவதற்கு முன்னும் கேட்பதாகும். அவர் இரண்டாவது மூன்றாவது மாதத்தில் விட்டுவிடுவதில் வியப்பில்லை. ஏழு நாள் இலவசமாகப் பார்க்கலாம் என்பதும் இதே காரணத்தால் இங்கே பொருளற்றது.

போகச் சந்தா என்று ஒன்றை வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் உண்மையான எண்களை இட்டு நீங்களே மீண்டும் போடவேண்டும். 100 கடைகள் மாதம் 400 ரூபாவுக்குச் சேர்கின்றன, மாதந்தோறும் பத்து வீதமானவை விலகுகின்றன என்று கொள்வோம். முதல் மாதம் 100, அடுத்த மாதம் 90, அதற்கடுத்து 81 என்று குறைந்துகொண்டே போய், ஓராண்டில் மொத்தம் சுமார் 718 தவணைகள் கிடைக்கும். கூகிள் பிளேக்குப் போகும் 15 வீதத் தரகு கழிந்து ஒரு தவணைக்கு 340 ரூபா என்றால் உங்கள் கைக்கு வருவது 2,44,120 ரூபா. இரண்டாம் ஆண்டின் முதல் நாளில் உங்களோடு இருப்பவை 28 கடைகள்.

இப்போது போகச் சந்தாவை ஆறு மாதத்துக்கு 2,000 ரூபா என்று வைப்போம். தரகு போக 1,700 ரூபா. பெரிய தொகை என்பதால் 100 பேரும் சேரமாட்டார்கள். ஆனால் புதுப்பிக்கும் நாள், வசூல் முடிந்து காசு கையில் இருக்கும் காலத்தில் வருவதால், சேர்ந்தவர்களில் 70 வீதமானோர் புதுப்பிப்பார்கள் என்று கொள்வோம். அப்படியானால் சேரும் ஒவ்வொரு கடையும் ஆண்டுக்குச் சராசரியாக 2,890 ரூபா தரும். மாதச் சந்தாவின் வருமானத்தைத் தொட 85 கடைகள் சேர்ந்தால் போதும். அந்த 85இல் இரண்டாம் ஆண்டுக்குள் நுழைபவை 41 அல்லது 42. வருமானம் ஒன்றாக இருந்தும் மிஞ்சும் கடைகள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

இந்தக் கணக்கு எங்கே உடையும் என்பதையும் சொல்லவேண்டும். மாதம் பத்து வீதம் விலகினால் ஆறு மாத முடிவில் நூறில் 53 கடைகள் மிஞ்சும். ஆகவே போகச் சந்தாவின் புதுப்பிப்பு 53 வீதத்துக்கு அருகில் நின்றுவிட்டால், விலகலின் வேகம் மாதச் சந்தாவில் இருந்ததேதான். காலத்தை மாற்றியதால் யாரும் நிலைக்கவில்லை, பொருளில்தான் குறை என்று பொருள். முதற் போக முடிவில் நீங்கள் தேடவேண்டிய எண் இதுதான்.

விலையில் இன்னொரு நுட்பம் மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் இடையே உள்ளது. சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர் பாயும் பக்கங்களில் பெரும்போகமும் சிறுபோகமும் செய்கிறார்கள். வசூல் ஆண்டுக்கு இருமுறை வரும். படுவான்கரையில் உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் கீழ் உள்ள வயல்கள் தவிர, மழையை மட்டும் நம்பிய மானாவாரி நிலம் நிறைய உண்டு. அங்கே ஆண்டுக்கு ஒரு வெட்டுத்தான். அந்த விவசாயிகளுக்குக் கடன் கொடுக்கும் கடைக்கு ஆறு மாதச் சந்தா என்பது, ஒரு முறை காசு உள்ள காலத்திலும் மறுமுறை காசு இல்லாத காலத்திலும் கேட்பதாகும். அவர்களுக்கு வெட்டு முடியக் கட்டும் ஆண்டுச் சந்தா பொருத்தம். அதேபோல, நகரத்தில் அரச ஊழியர்களுக்குக் கடன் கொடுக்கும் கடைக்கு உங்கள் மாதச் சந்தாவே சரி, சம்பளம் விழுந்த அடுத்த வாரத்தில் கேட்டால். கடையின் கடன் எப்போது திரும்புகிறதோ அப்போது உங்கள் சந்தாவும் கேட்கப்பட வேண்டும்.

இனி இடம். உயர்தரத்தில் இடம் என்றால் பண்டம் நுகர்வோரைச் சென்றடையும் வழி என்று படித்திருப்பீர்கள். செயலியைப் பொறுத்தவரை அது சிக்கலே இல்லை. கூகிள் பிளேயில் இட்டால் எவரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சந்தாவில் இன்னொரு வழி எதிர்த் திசையில் தேவைப்படுகிறது. காசு உங்களிடம் வந்துசேரும் வழி அது. அந்த வழி ஒவ்வொரு தவணையிலும் திறந்திருக்க வேண்டும். கூகிள் 2022 ஜனவரி முதல் தானாகப் புதுப்பிக்கும் சந்தாக்களுக்கான தன் பங்கை முதல் நாளிலிருந்தே 15 வீதமாக்கியது. அதற்கு முன் முதலாண்டில் 30 வீதமாக இருந்தது. மேலே நான் கழித்தது அந்த 15 வீதத்தைத்தான். இந்த வீதங்களும் நிபந்தனைகளும் மாறக்கூடியவை என்பதால் விலையை முடிவுசெய்யும் நாளில் நடப்பிலுள்ளதைப் பார்த்துவிடுங்கள். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது தரகு அல்ல, அட்டை. கடைக்காரரின் வங்கி அட்டை இணையக் கொடுப்பனவுக்குத் திறக்கப்படாமல் இருக்கலாம், காலாவதியாகியிருக்கலாம், தவணை நாளில் கணக்கில் போதிய காசு இல்லாமல் இருக்கலாம். மூன்றிலும் அவர் விலக நினைக்கவே இல்லை, ஆனால் உங்கள் பட்டியலில் விலகியவராகத் தெரிவார்.

ஆகவே விலகியவர்களை இரண்டாகப் பிரித்தே எண்ணவேண்டும்: தாமே நிறுத்தியவர்கள், கொடுப்பனவு தோல்வியடைந்ததால் நின்றவர்கள். பிளே கொன்சோலின் சந்தா அறிக்கையில் இந்தப் பிரிவு இருக்கிறது. இரண்டாவது வகையினருக்கு விலையைக் குறைப்பதோ புதிய வசதி சேர்ப்பதோ பயனற்றது. தொலைபேசியில் அழைத்து வேறு அட்டை போடச் சொல்வதே மருந்து. கொடுப்பனவு தோற்றவுடன் சேவையை வெட்டாமல் சில நாள் பொறுக்கும் சலுகைக் காலத்தையும் அங்கே அமைக்கலாம். அதை அமைக்காமல் விட்டிருந்தால் இன்றே அமைத்துவிடுங்கள். தானாகப் புதுப்பிக்காமல், முன்கூட்டிக் கட்டி அந்தக் காலத்துக்கு மட்டும் பயன்படுத்தும் திட்டமும் அங்கே உண்டு. ரீலோட் போட்டுப் பழகிய நம் மக்களுக்கு அது விளங்குவது எளிது. தெரியாமல் காசு வெட்டுப்படும் என்ற பயமும் அதில் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் நீங்கள் நினைவூட்ட வேண்டியிருக்கும்.

காசை நேரில் வாங்கலாமே என்று கேட்பீர்கள். கடைக்கு நேரே போய் விற்று, அலுவலகத்தில் கணக்கைத் திறந்து கொடுத்து, செயலியில் உள்நுழைந்து பயன்படுத்தச் செய்வது ஒரு வழி. ஆனால் செயலிக்குள் விற்கும் எண்முறைச் சேவைக்குக் கூகிளின் கொடுப்பனவு முறையையே பயன்படுத்த வேண்டும், வேறு வழிக்குச் செயலிக்குள்ளிருந்து கைகாட்டக்கூடாது என்பதே பொதுவான விதி. நம் நாட்டுக்கு நடப்பிலுள்ள விதியை வரிவரியாக வாசித்த பிறகே அதில் இறங்குங்கள். இன்னோர் எச்சரிக்கை: போன் கடைகளில் ஒருவர் கைபேசியிலிருந்து மற்றவர் கைபேசிக்குச் செயலியை மாற்றிக் கொடுக்கும் பழக்கம் உண்டு. அப்படிப் போன செயலிக்குத் திருத்தங்கள் ஒழுங்காகப் போய்ச் சேராமல் போகலாம். பழைய பதிப்பின் பிழைக்காக நீங்கள் ஏச்சு வாங்குவீர்கள். கடைக்குப் போகும்போது எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

மேம்படுத்தலைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நிலைக்காத கடைகளை மேலும் சேர்ப்பதற்காக விளம்பரத்தில் காசு கொட்டுவது ஓட்டைச் சாக்கில் நெல் அளப்பது போன்றது. முகநூல் விளம்பரம் செயலியைக் கைபேசியில் இறக்கச் செய்யும். பழைய கொப்பியை உள்ளே கொண்டுவராது. நேரில் போகும் ஒருவரால் இரண்டும் முடியும். ஒரு நாளைக்குக் கூலியும் பெற்றோலுமாக 3,000 ரூபா செலவழித்து ஆறு கடைகளுக்குப் போய் இரண்டு சேர்ந்தால், ஒரு கடையைச் சேர்க்க 1,500 ரூபா. போகச் சந்தாவில் கைக்கு வரும் 1,700 ரூபாவில் அது முதல் தவணையிலேயே மீண்டுவிடும்; மாதச் சந்தாவில் 340 ரூபாவாக மீள ஐந்து மாதம் வேண்டும், உங்கள் கடைகளோ மூன்றாம் மாதத்தில் போய்விடுகின்றன. விலையின் காலத்தை மாற்றாமல் ஆள் வைத்து விற்க உங்களால் முடியாது என்பது இதிலிருந்து தெரியும்.

உங்களிடம் ஏற்கெனவே உள்ள மேம்படுத்தல் கருவி, கடன் பதிந்ததும் கடனாளிக்குப் போகும் குறுஞ்செய்தி. கடன் வாங்குபவர் ஒருவர் உரக்கடையிலும் பலசரக்குக் கடையிலும் கணக்கு வைத்திருப்பார். ஒரு கடையிலிருந்து தெளிவான செய்தி வந்தால் மற்றக் கடையிலும் அதைப் பற்றிப் பேசுவார். ஆனால் அதே செய்தி கெடுதலும் செய்யக்கூடியது. நம் ஊரில் கடைக்கடன் ஓர் உறவு. "உடனடியாகச் செலுத்தவும்" என்று ஒரு போடியாரின் கைபேசிக்குச் செயலி தானாக அனுப்பிவிட்டால், அவர் கடையை மாற்றுவார், கடைக்காரர் செயலியை அகற்றுவார். "இன்றைய பதிவு ரூபா 1,250. மொத்த நிலுவை ரூபா 4,350" என்பதோடு நிறுத்துங்கள். நினைவூட்டலை அனுப்புவதா இல்லையா என்பதை ஒவ்வொரு பெயருக்கும் முதலாளியே முடிவுசெய்யட்டும். ஒவ்வொரு செய்திக்கும் உங்களுக்குச் செலவு உண்டு என்பதால், சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் இதைக் கொடுப்பது விலையோடும் பொருந்தும்.

கடைசியாக, புதுப்பிக்கும் நாள் கடந்த பிறகு எந்தக் கூறு தவறியது என்று கண்டுபிடிக்கும் முறை. முதற் போகத்தில் 40 கடைகள் சேர்ந்து 22 புதுப்பித்தன, 18 புதுப்பிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த 18 கடைகளும் கடைசியாகக் கணக்குப் பதிந்த திகதியை எடுங்கள். ஏழு கடைகள் வெட்டுக்கு முன்பே பதிவதை நிறுத்தியிருந்தால், அவை விலையைப் பற்றி யோசிக்கவே இல்லை. பொருள் அவர்களுக்குள் இறங்கவில்லை, பழைய கொப்பி முழுதாக உள்ளே வந்திருக்காது. ஆறு கடைகள் கடைசி நாள்வரை பதிந்திருந்து பின்னர் நின்றிருந்தால், கொடுப்பனவு தோற்ற பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது இடத்தின் குறை, அழைத்துச் சரிசெய்யலாம். இல்லாவிட்டால் மட்டும் 2,000 ரூபாவைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள். மீதி ஐந்து கடைகள் வெட்டு முடியும்வரை நாள்தோறும் பயன்படுத்தி, வசூலித்து முடித்து, ஏப்ரலிலிருந்து அமைதியாகிவிட்டிருந்தால், அவற்றின் கடன்காரர்கள் எந்தப் பக்கத்து வயல்காரர்கள் என்று விசாரியுங்கள். மானாவாரிப் பக்கத்துக் கடைகளாக இருந்தால் அவை உங்களை விட்டுப் போனவை அல்ல. ஒக்டோபர் விதைப்புக்கு முன் அவர்களிடம் மீண்டும் போங்கள், ஆண்டுச் சந்தாவோடு.